காலையில் கரகரப்பு, மாலையில் உரசல்: ஒரே பக்கத்தில் இரண்டு கோளாறு

நேற்று மாலை, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 400 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை இடது ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். ஓர் உரசல்கூட இல்லாமல் ஏறி முடிந்தது. இன்று காலை ஐந்தரை மணிக்கு அப்பா வழக்கம்போல மிகக் குறைந்த சத்தத்தில் பாட்டு வைத்தார். அதிலும் கரகரப்பு இல்லை. ஏழு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை முடிந்துவிட்டது. எங்கே வழி தவறினேன், எந்தச் சோதனை உண்மையைச் சொன்னது என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கடையில் பாகங்கள் வாங்கிக் கோத்தது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு ஒரு போர்டு, ஒவ்வொரு போர்டிலும் சி5200, ஏ1943 என்று ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர். ஸ்பீக்கர் பெட்டிகளும் வீட்டில் செய்தவைதான். முழுக்க மூடிய பெட்டி, கீழ்ச்சுருதிக்கு 8 அங்குல வூஃபர், மேலே உயர்ந்த சுருதிக்கு ஒரு ட்வீட்டர், 8 ஓம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. போன தை மாதம் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரவல் போய்வந்தது. அங்கே ஒரு நாள் முழுக்க ஒலியளவைக் கடைசிவரை திருப்பி ஓடவிட்டிருக்கிறார்கள்.

வந்து சில வாரங்களில் அப்பா சொன்னார்: "இடது பக்கம் கரகரவென்று இருக்கிறது. காலையில்தான் தெரிகிறது. சாயங்காலம் சத்தமாக வைத்தால் சரியாகிவிடுகிறது." அண்ணன் மகன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான்: "இல்லை சித்தப்பா, மெதுவாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மிருதங்கத்தில் தொப்பி விழும்போது மட்டும் ஏதோ காகிதம் உரசுகிற மாதிரி கேட்கிறது." இரண்டு பேரும் ஒரே கோளாறைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தவறு அதுதான். அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே நம்பியிருந்தால் பாதி வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டேன். கோளாறு பெட்டியோடு நகர்ந்தால் பெட்டியில் குறை, அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயரில் குறை என்பது கணக்கு. மாற்றிப் போட்டபோது இரண்டு பக்கமும் கெட்டதாகக் கேட்டது. அதுவரை சுத்தமாக இருந்த வலது பெட்டியிலும் லேசான கரகரப்பு வந்தது, இடது பெட்டியும் உரசியது. வலது பெட்டியையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து உடனே நிறுத்தினேன். வயர் மாற்றும் சோதனை ஒரே ஒரு கோளாறு இருக்கும்போது மட்டுமே நேரான பதில் தரும். இரண்டு இருந்தால் இப்படித்தான் குழப்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வயரை மாற்றுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் டிசி வோல்ட் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் இல்லாமல், மல்டிமீட்டரை டிசியில் வைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. சில வோல்ட் காட்டினால் அந்தப் பக்கத்தில் எந்த நல்ல ஸ்பீக்கரையும் மாட்டக் கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன ஆம்ப்ளிஃபயர் சப்ளை வோல்ட் முழுவதையும் ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் காயிலில் இறக்கிவிடும். என்னுடையதில் அது 33 வோல்ட். நல்ல பெட்டி சில நொடிகளில் புகைந்துவிடும். பிறகு அளந்தபோது இடதில் 12, வலதில் 18 மில்லிவோல்ட்தான் இருந்தது. அளக்காமல் மாற்றியும் தப்பித்துவிட்டேன்.

அடுத்து ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். "இரண்டு பெட்டியிலும் வருகிறது என்றால் ஆம்ப்ளிஃபயர்தான் தம்பி. அவுட்புட் ஜோடியை மாற்றிவிடுங்கள்" என்றார். நான் சொன்ன விவரத்துக்கு அது நியாயமான பதில்தான். ஜோடி 320 ரூபாய்க்கு வாங்கி, மைக்கா ஷீட்டும் வெள்ளைப் பசையும் வைத்து இடது போர்டில் மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இன்புட் வயரில் குறையோ என்று 90 ரூபாய்க்குப் புது ஆர்சிஏ வயரும் வாங்கினேன். அதுவும் வீண்.

இதற்குப் பிறகுதான் பாட்டைக் கேட்டுக் கோளாறு தேடுவதை நிறுத்தினேன். பாட்டில் எல்லாச் சுருதியும் எல்லா ஒலியளவும் கலந்து வருகின்றன. எது எதனால் வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. ஒரே சுருதியில், ஒரே அளவில் நிற்கும் சைன் அலைதான் இதற்கு வேண்டும். அதில் கலப்பே இல்லை, வெறும் ஊதல். அதன்மேல் எது கூடுதலாகக் கேட்டாலும் அது கருவியின் குறை.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டு ஒலிக்குப் போகலாம் என்று முதலில் இரண்டு பெட்டிகளையும் அளந்தேன். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.4 ஓமைக் கழித்தபின் இடது 6.3, வலது 6.5. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு டிசியில் ஆறு, ஆறரை வருவது இயல்பு. எனவே காயில் அறுந்துபோகவில்லை, பெரிய ஷார்ட்டும் இல்லை. ஆனால் இந்த எண்ணை வைத்து ஸ்பீக்கர் நல்லது என்று முடிவு செய்ததும் தவறு. ஓம் மீட்டர் கம்பியை மட்டுமே பார்க்கிறது, அந்தக் கம்பி எதில் உரசுகிறது என்று பார்ப்பதில்லை. இன்னொன்று, ட்வீட்டருக்கு வரிசையில் கெப்பாசிட்டர் இருப்பதால் பெட்டியின் பின்முனையில் அளக்கும்போது ட்வீட்டர் கணக்கிலேயே வராது. ட்வீட்டர் செத்துப்போயிருந்தாலும் அதே 6.3தான் காட்டும்.

பிறகு போனில் ஓர் ஒலி உருவாக்கும் செயலியை இறக்கி 1000 ஹெர்ட்ஸ் வைத்தேன், வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் சத்தத்தில். இடதும் வலதும் ஒரே மாதிரி, சுத்தமாக இருந்தன. அன்று இரவு உண்மையிலேயே மனம் சோர்ந்துவிட்டது. எதிலும் கோளாறு இல்லை என்கிறது சோதனை, ஆனால் பாட்டு கெட்டுத்தான் கேட்கிறது.

அந்த 1000 ஹெர்ட்ஸ் ஏன் இரண்டையும் மறைத்தது என்று புரிந்ததில்தான் இந்த வேலை முழுவதும் திறந்தது. ஒரே அளவு சத்தம் வருவதற்கு, 1000 ஹெர்ட்ஸில் கோன் அசையும் தூரத்தைப்போல 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ நூறு மடங்கு அசைய வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் கோன் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. அந்த அசைவில் காயில் எதையும் போய்த் தொடாது. எனவே ஸ்பீக்கரின் உரசல் வெளியே வரவில்லை. ஆம்ப்ளிஃபயரில் எனக்கு இருந்த கோளாறோ மிகக் குறைந்த ஒலியளவில்தான் தெரியும். நான் கேட்கும்படியான சத்தத்தில் வைத்ததால் அதுவும் மறைந்துவிட்டது. ஸ்பீக்கரின் உரசல் சுருதியைக் குறைக்கும்போது வெளிப்படுகிறது, ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு ஒலியளவைக் குறைக்கும்போது வெளிப்படுகிறது. எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றது அசையாமல் நிற்க வேண்டும்.

போன் செயலியில் விரலால் சுருதியை நகர்த்தும்போது ஒலியளவும் தாவியது. அதனால் மடிக்கணினியில் sox என்ற நிரலால் கோப்புகளாகவே செய்து போனில் ஏற்றிக்கொண்டேன்.

```
sox -r 44100 -c 2 -n t440.wav synth 30 sine 440 vol 0.3
sox -r 44100 -c 2 -n t60.wav synth 30 sine 60 vol 0.3
sox -r 44100 -c 2 -n sweep.wav synth 60 sine 20/400 vol 0.3
```

முதல் இரண்டும் நிலையாக நிற்கும் ஒலி. மூன்றாவது ஸ்வீப்: 20 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை ஒரு நிமிடத்தில் ஏறும். போனில் ஈக்குவலைசர், பாஸ் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ப்ளூடூத் வேண்டாம் என்று வயரிலேயே இணைத்தேன். முதலில் இயர்போனில் கேட்டு, கோப்பு சுத்தம் என்று உறுதி செய்துகொண்டேன். சைன் ஒலியை நீண்ட நேரம் சத்தமாக வைக்கவே கூடாது. பாட்டில் இடைவெளி உண்டு, இதில் இல்லை. காயில் ஆற வழியில்லாமல் சூடாகிக்கொண்டே போகும். உயர்ந்த சுருதியில் ட்வீட்டர்தான் முதலில் போகும். பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்கும் அளவு சத்தமே இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் போதும்.

முதலில் சுருதி. இடது பெட்டியை ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கத்தில், அதாவது குறை சொல்லப்படாத பக்கத்தில் மாட்டி ஸ்வீப்பை ஓடவிட்டேன். ஏறத்தாழ 14ஆம் விநாடியில் மெல்லிய உரசல் தொடங்கியது. நெல்லைச் சுளகில் தேய்ப்பதுபோல, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தேய்ப்பு. 25ஆம் விநாடிவாக்கில் அது உச்சத்துக்குப் போய், 34ஆம் விநாடியில் நின்றுவிட்டது. அந்த விநாடிகளைச் சுருதியாக மாற்றினால் 40 ஹெர்ட்ஸில் தொடக்கம், 70இல் உச்சம், 110இல் முடிவு. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அதே இடம். ஒலியளவைப் பாதியாகக் குறைத்தேன். உரசலும் சின்னதானது, ஆனால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பெரிதாக மாறவில்லை. இது ஆம்ப்ளிஃபயரின் குணம் இல்லை.

ஸ்வீப்பில் ஒரு பொறி உண்டு, அதிலும் விழுந்தேன். 50ஆம் விநாடியில், அதாவது 240 ஹெர்ட்ஸ் அருகில், இன்னொரு சடசடப்பு வந்தது. ட்வீட்டர் தளர்ந்துவிட்டது என்று அதன் திருகுகளை எல்லாம் இறுக்கினேன். அது ட்வீட்டர் இல்லை. அலமாரித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள். கையை வைத்தால் நின்றது. இதன் பிறகு ஓரடி நீளத் தோட்டக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கோன், பெட்டியின் இணைப்புகள், முன் வலைச் சட்டம் என்று ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோய்க் கேட்டேன். உரசல் வூஃபரின் நடு மூடிக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. பெட்டியின் அதிர்வையும் காயிலின் உரசலையும் பிரிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

வூஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றி மல்லாத்தி வைத்து, இரண்டு கையிலும் மும்மூன்று விரல்களைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தினேன். கீறுகிற சத்தம் கேட்டது, விரலிலும் தெரிந்தது. வலது வூஃபர் பட்டுபோல உள்ளே போய் வந்தது. ஒரு கட்டைவிரலால் ஓரத்தில் அழுத்தினால் நல்ல வூஃபரும் சாய்ந்து உரசும். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்து ஒலியளவு. வலது பெட்டி நல்லது என்று இப்போது தெரிந்துவிட்டதால் அதை ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கத்தில் மாட்டி, 440 ஹெர்ட்ஸை வைத்தேன். சாதாரணச் சத்தத்தில் சுத்தம். ஒலியளவை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியையும் அணைத்துவிட்டு. பெட்டிக்கு ஓரடி தூரத்தில் காதை வைத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்தபோது, புல்லாங்குழல்போல இருந்த ஒலி சீவாளியில் ஊதுவதுபோல மாறியது. ஒரு கூர்மையும் கரகரப்பும் அதன்மேல் ஏறிக்கொண்டன. இன்னும் குறைத்தால் அடிப்படை ஒலி தேய்ந்துபோய் அந்தக் கரகரப்பு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது, பிறகு சட்டென்று மௌனம். ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கத்தில் அதே பெட்டியை மாட்டிக் குறைத்தபோது, ஒலி கடைசிவரை புல்லாங்குழலாகவே இருந்து தேய்ந்து மறைந்தது. 300 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸ் என்று சுருதியை மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கரகரப்பு, அதே குறைந்த அளவில். போனின் ஒலியளவை அப்படியே வைத்து இடது, வலது ஆர்சிஏ முனைகளையும் மாற்றிச் செருகினேன். அப்போதும் அது இடது போர்டிலேயே நின்றது. எனவே போனிலும் வயரிலும் இல்லை.

அப்பா காலையில் கேட்டது இதைத்தான். அண்ணன் மகன் கேட்டது வூஃபரை. வயரை மாற்றியபோது கெட்ட போர்டு நல்ல பெட்டிக்கும், நல்ல போர்டு கெட்ட பெட்டிக்கும் போய்விட்டன. அதனால்தான் இரண்டு பக்கமும் கெட்டுப்போனது.

இடைப்பட்ட நேரத்தில் 60 ஹெர்ட்ஸை வைத்து இரண்டு பக்க அவுட்புட்டையும் ஏசி வோல்ட்டில் அளந்தேன். இரண்டிலும் 2 வோல்ட். மீட்டருக்கு வித்தியாசமே தெரியவில்லை. என்னுடைய மஞ்சள் மீட்டரின் மிகச் சிறிய ஏசி அளவே 200 வோல்ட் என்பதால் அதில் நுட்பம் எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு பக்கம் சத்தமே குறைந்திருந்தால் இந்த அளவீடு உதவியிருக்கும். கரகரப்பைக் காதுதான் சொல்லும்.

குறைந்த ஒலியளவில் மட்டும் வரும் கரகரப்புக்கு ஆம்ப்ளிஃபயரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பயஸ். அவுட்புட்டில் ஒரு டிரான்சிஸ்டர் அலையின் மேல் பாதியையும், மற்றது கீழ்ப் பாதியையும் ஓட்டுகின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும். அதற்காகப் பாட்டே இல்லாதபோதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடும்படி வைத்திருப்பார்கள். அது நின்றுவிட்டால் அலையின் நடுவில் ஒரு வெற்றிடம் விழும். பெரிய அலைக்கு அது ஒரு தூசி, சின்ன அலைக்கு அதுவே பாதி உடல்.

இதை அளப்பது எளிது. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 0.22 ஓம், 5 வாட் வெள்ளை ரெசிஸ்டர் இருக்கிறது. இன்புட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல், அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்தேன். வலது போர்டில் 10.8 மில்லிவோல்ட், அதாவது 49 மில்லி ஆம்பியர். இடதில் 0.2. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. டிரான்சிஸ்டர் வாங்குவதற்கு முன்பே இதை அளந்திருந்தால் 410 ரூபாய் மிஞ்சியிருக்கும். அளப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காரணம் பயஸ் பிரீசெட், அதாவது பயஸைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் சிறு ரெசிஸ்டர். மூடியில்லாத பழைய வகை, கார்பன் தடத்தில் பன்னிரண்டு ஆண்டுத் தூசி. கழற்றி நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே ஓம் பார்த்துக்கொண்டே திருப்பினால், பாதி வழியில் மீட்டர் துண்டித்துக் காட்டியது. என்னுடைய போர்டில் இந்தப் பிரீசெட் பயஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் இருக்கிறது. அது துண்டித்தால் அந்த டிரான்சிஸ்டர் முழுக்கக் கடத்தத் தொடங்கி, பயஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். கெடுதல் கரகரப்போடு நின்றுவிடும். சில போர்டுகளில் பிரீசெட் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையில் இருக்கும். அங்கே துண்டித்தால் பயஸ் தாறுமாறாக ஏறி அவுட்புட் ஜோடி எரிந்துவிடும். எனவே புதிதாக மாட்டும்போது எந்தப் பக்கம் திருப்பினால் பயஸ் குறையும் என்று போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

பல சுற்றுத் திருகுள்ள மூடிய வகை 1 கிலோ ஓம் பிரீசெட் 15 ரூபாய். வலது போர்டுக்கும் சேர்த்து இரண்டு வாங்கினேன். சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருப்பதால், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் முதலில் அவற்றின் மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே பற்றவைத்தேன். பிரீசெட்டை ஓம் அதிகமான முனையில், அதாவது என் போர்டில் பயஸ் மிகக் குறைவான நிலையில் வைத்தேன். மெயின்ஸ் வழியில் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது. விடாமல் எரிந்திருந்தால் எங்கோ ஷார்ட் என்று பொருள், உடனே அணைக்க வேண்டும். பிறகு பல்பை எடுத்துவிட்டு, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். நான்கைந்து சுற்றுவரை மீட்டர் அசையவே இல்லை, அதன் பிறகு சரசரவென்று ஏறியது. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். 11 மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன். கால் மணி நேரம் சூடான பிறகு 13க்கு ஏறியிருந்தது, மறுபடி 11க்கு இறக்கினேன். அவுட்புட் டிசியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, பழைய டிவியில் கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கரை முதலில் மாட்டி 440 ஹெர்ட்ஸைக் கேட்டேன். சீவாளி போய்ப் புல்லாங்குழல் வந்துவிட்டது. நல்ல பெட்டியை அதன் பிறகுதான் மாட்டினேன்.

வூஃபர் வேலை எனக்கு வராது. புது வூஃபர் 1450 ரூபாய் கேட்டார்கள். கோன் மாற்றித் தருகிற கடையில் 550. காந்தமும் சட்டமும் நன்றாக இருந்ததால் கோன் மாற்றக் கொடுத்தேன். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருக்க அனுமதித்தார். பழைய கோனை அறுத்து எடுத்ததும் காயிலை என் கையில் கொடுத்தார். செம்புக் கம்பி ஒரு பக்கம் தேநீர் நிறத்துக்குக் கறுத்து, கீழ் ஓரத்தில் மூன்று சுற்று ஒட்டு விட்டு எழும்பி நின்றன. நகத்தால் தொட்டால் ஆடின. கிரகப்பிரவேசத்தன்று ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி ஓடியபோது சூட்டில் பசை இளகியிருக்கிறது. கம்பி அறுபடவில்லை, சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகவும் இல்லை, அதனால்தான் 6.3 ஓம் வந்தது. எழும்பிய சுற்றுதான் காந்த இடைவெளியின் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஓர் அட்டைத் துண்டில் மாஸ்கிங் டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி சுற்றி, அந்த வட்ட இடைவெளிக்குள் விட்டுச் சுழற்றி எடுத்தார். டேப்பில் கறுப்புத் துகள் ஒட்டி வந்தது. புது டேப் போட்டு, சுத்தமாக வரும்வரை ஐந்து முறை. பிறகு புதுக் காயிலை இறக்கி, அதற்கும் நடுக்கம்பத்துக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய நான்கு துண்டுகளை நான்கு திசையிலும் செருகினார். காயில் நடுவில் நிற்பதற்கு அதுதான் அளவுகோல். காயிலை நடுவில் தாங்கும் ஸ்பைடரையும் கோன் விளிம்பையும் ஒட்டி, ஒரு இரவு முழுக்கக் காயவைத்து, மறுநாள் ஃபிலிமை உருவி எடுத்து, நடு மூடியை ஒட்டினார். மூன்றாம் நாள் கைக்கு வந்தது.

வீட்டில் மாட்டி ஸ்வீப் ஓட்டினேன். உரசல் இல்லை. ஆனால் இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒலித்தால் கீழ்ச்சுருதி மெலிந்திருந்தது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி 60 ஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றைக் கழற்றினால் சத்தம் கூடியது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது என்று பொருள். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை வூஃபரின் சிவப்புப் புள்ளியில் ஒரு கணம் தொட்டேன். கோன் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போனது. புதுக் காயிலின் முனைகள் மாறி ஒட்டப்பட்டிருந்தன. பெட்டிக்குள் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டதும் 60 ஹெர்ட்ஸ் நெஞ்சில் கேட்டது.

பயன்பட்ட செலவு: கோன் 550, பிரீசெட் 30. வீணான செலவு டிரான்சிஸ்டர் 320, வயர் 90. அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் அவுட்புட் டிசி, உடனே எமிட்டர் ரெசிஸ்டரில் மில்லிவோல்ட். அதன் பிறகு மிகக் குறைந்த அளவில் 440, மிதமான அளவில் ஸ்வீப், ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு பெட்டியையும் மாட்டி, மொத்தம் நான்கு சேர்க்கையிலும். வயரை மாற்றி ஒரே முறை கேட்டுவிட்டு முடிவு செய்ய மாட்டேன்.

இந்தச் சோதனைகளுக்குப் பிடிபடாதவையும் உண்டு. உலர்ந்த பற்றுவைப்பால் விட்டுவிட்டு வரும் கோளாறு, ஒலி ஓடும்போது போர்டை மரக்குச்சியால் தட்டினால்தான் தெரியும். சப்ளை கெப்பாசிட்டர் வற்றியிருந்தால் பாஸ் சத்தமாக வரும்போது 100 ஹெர்ட்ஸ் உறுமல் சேர்ந்து வரும். கீழ்ச்சுருதியில் வருவதால் அது ஸ்பீக்கர் குறைபோலத் தோன்றும், ஆனால் நல்ல பெட்டியை மாட்டினாலும் போகாது. ட்வீட்டருக்கு 5000 ஹெர்ட்ஸை மிகக் குறைந்த அளவில் சில நொடி வைத்து, குழாயை அதன் முன் பிடித்துக் கேட்டேன். இரண்டும் ஒலிக்கின்றன.

வலது போர்டின் பிரீசெட்டை இன்னும் மாற்றவில்லை. 10.8இல் நிற்கிறது என்றாலும் அதுவும் அதே வயதுதான். இரண்டு போர்டின் மில்லிவோல்ட்டையும் அவுட்புட் டிசியையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஆம்ப்ளிஃபயர் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்க வேண்டும்.